வித்தியாசம் தெரியவில்லை என்றால் சமம் என்று ஆகிவிடுமா?

சிவகிரியிலும் திருச்செங்கோட்டிலும் எள் ஏலம் நடக்கிற வட்டாரம் இது. கொங்கு நாட்டு வீடுகளில் நல்லெண்ணெய் தாளிக்க மட்டும் பயன்படுவதில்லை. சனிக்கிழமை தலைக்குப் போகும். பல வீடுகளில் விடியற்காலையில் பெரியவர்கள் ஒரு வாய் எண்ணெயை வைத்துக் கொப்பளித்துத் துப்புவார்கள். அதனால் கோவையில் பல் மருத்துவ மாணவர்களோடு ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க உட்காரும்போது, எண்ணெய்க் கொப்பளிப்பு பற்றிய கட்டுரை ஒன்று கட்டாயம் வந்து சேரும். ஒருமுறை முதுநிலை மாணவர் ஒருவர் அப்படியொரு கட்டுரையை வாசித்து முடித்துவிட்டு, உறுதியான குரலில் சொன்னார்: "சாருங்க, நல்லெண்ணெயும் குளோர்ஹெக்சிடினும் ஒண்ணுதானுங்க. ரேண்டமைஸ்டு ட்ரையலே சொல்லுதுங்க."

குளோர்ஹெக்சிடின் என்பது ஈறு சிகிச்சைக்குப் பல் மருத்துவர்கள் எழுதித் தரும் கிருமிநாசினிக் கொப்பளிப்பு நீர். புதிதாக வரும் கொப்பளிப்பு நீர்களை அதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுவார்கள். வீட்டு எண்ணெய் அதற்குச் சமம் என்றால் அது பெரிய செய்தி. மாணவர் பொய் சொல்லவில்லை. அவர் படித்த கட்டுரையும் பொய் சொல்லவில்லை. ஆனால் கட்டுரை சொன்னதற்கும் மாணவர் புரிந்துகொண்டதற்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. சிறிய ஆய்வுகளைப் படிக்கிற எவரும் இந்தப் பள்ளத்தில் விழக்கூடும் என்பதால், அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

அது 2009-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்' இதழில் வெளியானது. ஆய்வை நடத்தியவர்கள் டாக்டர் சரத் அசோகனும் அவருடைய குழுவினரும். அவர் பிற்பாடு திருச்செங்கோடு கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவத் துறையில் பணியாற்றியவர். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை எடுத்து, ஒப்பீட்டுக் குழு வைத்து, குலுக்கல் முறையில் பிரித்து, அளந்து பார்க்கலாம் என்று காட்டிய முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. அந்த முயற்சிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் அதன் எல்லைகளைப் பேச வேண்டும்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. பல்லின்மேல் படியும் கிருமிப் படலத்தைப் பிளேக் என்கிறோம். அதனால் ஈறு வீங்கிய, ஒத்த வயதுடைய 20 வளரிளம் பையன்கள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு தினமும் காலையில் பல் துலக்கும் முன் நல்லெண்ணெயால் கொப்பளித்தது. மற்றது குளோர்ஹெக்சிடினால் கொப்பளித்தது. தொடங்கும்போது பிளேக் அளவையும் ஈறு வீக்கத்தையும் மதிப்பெண்ணாகக் குறித்துக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் குறித்தார்கள். இரண்டு குழுவிலும் மதிப்பெண்கள் நன்றாகக் குறைந்திருந்தன. தற்செயல் மட்டுமே காரணமாக இருந்தால் இவ்வளவு குறைவு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் பி மதிப்பு, இரு குழுவிலும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது. எண்ணெய்க் கொப்பளிப்பு பிளேக்கையும் ஈறு வீக்கத்தையும் கிருமி எண்ணிக்கையையும் குறைத்தது என்பதே கட்டுரையின் முடிவுரை. 'குளோர்ஹெக்சிடினுக்குச் சமம்' என்ற வாக்கியம் அந்த முடிவுரையில் இல்லை. அது படித்தவர் மனத்தில் முளைத்தது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இங்கே எதை எதோடு ஒப்பிட்டார்கள்? ஆயிரத்தில் ஒன்று என்ற அந்தப் பலமான பி மதிப்பு, எண்ணெயைக் குளோர்ஹெக்சிடினோடு ஒப்பிட்டு வந்ததன்று. ஒவ்வொரு குழுவின் முதல் நாளையும் அதே குழுவின் பத்தாம் நாளையும் ஒப்பிட்டு வந்தது. அப்படியானால், கொப்பளிக்கவே இல்லையென்றால் அந்தப் பத்து நாளில் என்ன ஆகியிருக்கும்? அதைச் சொல்ல மூன்றாவது குழு இல்லை.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு, பல் மருத்துவ மாணவர்கள் எல்லாரும் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஓர் ஆய்வே சாட்சி. 1965-இல் வெளியான அந்த ஆய்வுக்காக டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் 9 பேர் முதலாண்டு பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சரியானது. ஆகவே ஈறு வீக்கம் என்பது ஒழுங்காகத் துலக்கினாலே சில நாட்களில் மாறக்கூடிய நிலை.

இனி அந்த 20 பையன்களை நினைத்துப் பாருங்கள். பல் டாக்டர்கள் அவர்கள் வாயைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பத்து நாளில் மறுபடியும் பார்ப்பார்கள் என்று தெரியும். அந்தப் பத்து நாளும் பையன் வழக்கத்தைவிடக் கவனமாகத் துலக்காமல் இருப்பானா? கண்காணிக்கப்படுவதால் மட்டுமே வரும் இந்த மாற்றம் எண்ணெயின் கணக்கிலும் சேரும், குளோர்ஹெக்சிடினின் கணக்கிலும் சேரும். இதோடு இன்னொன்றும் உண்டு. ஈறு வீக்கம் ஒரே அளவில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். வீங்கியவர்களாகப் பார்த்து ஆய்வில் சேர்த்தால், அவர்களில் சிலர் ஏறிய நாளில் சிக்கியவர்களாக இருப்பார்கள். அடுத்த முறை அளக்கும்போது அவர்கள் தம் சராசரிக்குத் திரும்பியிருப்பார்கள். மருந்து எதுவும் செய்யாமலே மதிப்பெண் இறங்கும். முன்-பின் ஒப்பீட்டில் வந்த பி மதிப்பு எவ்வளவு சிறியதானாலும், இறக்கத்துக்குக் காரணம் எண்ணெயா, கவனமான துலக்கலா, இயற்கையான இறக்கமா என்று பிரித்துச் சொல்லாது.

'ஆனால் குலுக்கல் முறையில் பிரித்தார்களே, அது பாரபட்சத்தை நீக்கிவிடாதா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். பிரிப்பவரின் பாரபட்சத்தைக் குலுக்கல் நீக்கும். இரண்டு குழுவையும் ஒரே மாதிரி ஆக்கித் தருவதற்கு அதற்கு ஆட்கள் நிறைய வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 பேரில் 6 பேர் மோசமாகத் துலக்குகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாகக் குலுக்கிப் பிரித்தால் பக்கத்துக்கு மூன்று பேர் வந்தால் நல்லது. ஆனால் ஐந்து பேர் ஒரே பக்கம் போய் ஒருவர் மட்டும் மறுபக்கம் வரவோ, ஆறு பேருமே ஒரே பக்கம் சேரவோ உள்ள வாய்ப்பு 14 விழுக்காடு. ஏழு முறை குலுக்கினால் ஒரு முறை இப்படி ஆகும். அந்த ஒரு முறை நடந்த ஆய்வு நம் கையில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. 200 பேரில் 60 பேர் அப்படிப்பட்டவர்கள் என்று வைத்துக் குலுக்கினால், 50-க்கு 10 என்று பிரிவது நடக்கவே நடக்காத காரியம். குலுக்கல் அதேதான், ஆட்கள் கூடும்போதுதான் அது தன் வேலையைச் செய்கிறது. அதனால் கட்டுரையின் முதல் அட்டவணையில், இரு குழுவின் தொடக்க மதிப்பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இப்போது மையமான கேள்விக்கு வருவோம். இரு குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இரண்டும் சமம் என்று சொல்லலாமா?

ஈரோட்டு மஞ்சள் விவசாயி ஒருவர் இரண்டு ரக மஞ்சளைப் பக்கத்துப் பக்கத்து வயல்களில் நட்டிருக்கிறார். எந்த ரகம் அதிகம் விளைகிறது என்று பார்க்க ஒவ்வொரு வயலிலும் பத்துச் செடியைப் பறித்து எடைபோடுகிறார். ஒரே வயலிலேயே செடிக்குச் செடி எடை நன்றாக ஏறி இறங்கும். ஒரு ரகம் மற்றதைப்போல இரண்டு மடங்கு விளைந்தால் பத்துச் செடியிலேயே தெரிந்துவிடும். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான் என்றால், அந்த ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துபோகும். 'வித்தியாசம் தெரியவில்லை' என்று அவர் சொன்னால் சரி. 'இரண்டும் ஒன்று' என்று சொல்லி அடுத்த வருஷம் பத்து ஏக்கரில் நட்டால், பணத்தை இழக்கக்கூடும்.

பல் ஆய்விலும் இதே கதைதான். அளவீட்டு வித்தியாசத்தை நேரடியாகச் சொல்லாமல், ஆளுக்கு ஆள் இருக்கும் வழக்கமான ஏற்ற இறக்கத்தில் அது எத்தனை பங்கு என்று சொல்வது புள்ளியியலில் வழக்கம். எண்ணெய்க் கொப்பளிப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான ஒரு மறுஆய்வு, 25 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,184 பேரையும் கணக்கில் எடுத்தது. அதன்படி பிளேக்கைக் குறைப்பதில் குளோர்ஹெக்சிடின் எண்ணெயைவிட மேல். வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சரியாகச் சொன்னால் 0.33. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் இருக்கிறது.

சரி, அந்த 0.33 உண்மை என்று வைத்துக்கொண்டு, பத்துக்குப் பத்து என்ற அளவில் ஓர் ஆய்வு நடத்தினால் அது கண்ணில் படுமா? கணக்குப் போட்டால், பத்து ஆய்வில் ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்கும். மீதி ஒன்பது ஆய்வும் 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்றே எழுதும். அந்த ஒன்பதையும் படிக்கிற மாணவர், 'ஒன்பது ஆய்வுகள் சமம் என்று நிரூபித்துவிட்டன' என்று நம்பிவிடுவார். உண்மையில் ஒன்பதும் சொன்னது ஒன்றுதான்: எங்கள் வலையின் கண் பெரிது, இந்த மீன் சிக்காது. ஐந்து ஆய்வில் நான்காவது அதைப் பிடிக்க வேண்டுமென்றால் குழுவுக்கு ஏறத்தாழ 145 பேர், மொத்தம் 290 பேர் வேண்டும். இருபது பேருக்கும் 290 பேருக்கும் உள்ள தூரத்தைத்தான் அந்த மாணவர் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார்.

இதை ஆய்வுக் கட்டுரையிலேயே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. பி மதிப்பை விட்டுவிட்டு, நம்பிக்கை இடைவெளி என்று கொடுக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். உண்மையான வித்தியாசம் எங்கிருந்து எங்கு வரை இருக்கக்கூடும் என்பதை அவை சொல்லும். பத்துக்குப் பத்து ஆய்வில் வித்தியாசம் பூஜ்யம் என்றே வந்தாலும், அந்த இடைவெளி நான் மேலே சொன்ன அலகில் ஏறத்தாழ 0.9 பாதகத்திலிருந்து 0.9 சாதகம் வரை விரிந்திருக்கும். அதாவது எண்ணெய் குளோர்ஹெக்சிடினைவிட மிகவும் மேலாகவும் இருக்கலாம், மிகவும் கீழாகவும் இருக்கலாம் என்பதே அந்த ஆய்வின் நேர்மையான விடை. சமம் என்று காட்ட விரும்பும் ஆய்வு வேறு மாதிரி தொடங்கும். 'இவ்வளவு வித்தியாசம் வரை இருந்தால் நோயாளிக்குப் பாதகமில்லை' என்று ஓர் எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்து, இடைவெளி முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும். அந்த எல்லை எழுதப்படாத கட்டுரையில் 'சமம்' என்ற சொல்லைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும்.

சிறிய ஆய்வு எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றும். பத்தில் ஒன்று வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் என்றேனே, அந்த ஒன்று என்ன சொல்லும்? பத்துக்குப் பத்து ஆய்வில் ஒரு வித்தியாசம் 'குறிப்பிடத்தக்கது' என்ற வரம்பைத் தாண்ட வேண்டுமானால், அது குறைந்தது 0.94 ஆக வந்தாக வேண்டும். உண்மை 0.33 என்றால், வெற்றி பெற்ற ஆய்வு அதை ஏறத்தாழ மூன்று மடங்காக ஊதிக் காட்டித்தான் வெற்றி பெற முடியும். இதழ்கள் வித்தியாசம் கண்ட ஆய்வுகளையே விரும்பி வெளியிட்டால், அச்சில் வருவதெல்லாம் ஊதிய எண்களாகவே இருக்கும். ஒரு பற்பசை, ஒரு மூலிகைக் கொப்பளிப்பு, ஒரு லேசர் கருவி என்று எதைப் பற்றியும் முதல் சிறிய ஆய்வு அற்புதமாகவும், பின்னால் வரும் பெரிய ஆய்வுகள் சாதாரணமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதல் ஆய்வாளர் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது மறைப்பு. யாருக்கு எந்த மருந்து என்பது பங்கேற்பவர், அளப்பவர், கணக்குப் போடுபவர் ஆகிய மூவருக்கும் தெரியாமல் நடந்தால் அதை மும்மறைப்பு ஆய்வு என்பார்கள். 2009 கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் தலைப்பில் இருப்பதை வாயில் வைத்துச் சோதிக்க வேண்டும். நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக்கொண்ட ஒரு தமிழ்ப் பையனுக்கு அது நல்லெண்ணெய் என்று தெரியாமல் இருக்குமா? குளோர்ஹெக்சிடின் தண்ணீர்போல் இருக்கும், கசக்கும். தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறையும் விடும். அதைப் பார்க்கிற டாக்டருக்கும் யார் எந்தக் குழு என்று தெரிந்துவிடக்கூடும். அது ஏன் பெரிய விஷயம்? ஈறு வீக்கத்தை அளக்கத் தெர்மாமீட்டர் மாதிரி கருவி கிடையாது. இந்த ஆய்வில் பயன்பட்ட திருத்திய ஈறு மதிப்பெண் முறை, ஈற்றைக் குத்திப் பார்க்காமல் நிறத்தையும் வீக்கத்தையும் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது. ஒன்றா இரண்டா என்ற தயக்கம் வரும் இடத்தில், அளப்பவரின் நம்பிக்கை அவரறியாமலே கையை ஒரு பக்கம் சாய்க்கும். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஆனாலே சராசரி நகர்ந்துவிடும். ஆகவே 'மறைப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் செய்முறைப் பகுதிக்குப் போய், யாருக்கு மறைத்தார்கள், எப்படி மறைத்தார்கள், அது நடக்கக்கூடியதா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

'அப்படியானால் லோவின் ஆய்வில் 12 பேர்தானே சாருங்க? அதை மட்டும் எப்படி நம்புறது?' என்று அன்று இன்னொரு மாணவி கேட்டார். சரியான கேள்வி. ஆட்களின் எண்ணிக்கை தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. தேடும் விளைவின் அளவோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். துலக்காமல் விட்டால் 12 பேரில் 12 பேருக்கும் ஈறு வீங்கியது, துலக்கியதும் போனது. இரண்டு மடங்கு விளையும் மஞ்சள் ரகம் போன்ற விளைவு அது. பத்துச் செடி போதும். இரண்டு நல்ல கொப்பளிப்புகளுக்கு இடையே உள்ள நுணுக்கமான வித்தியாசத்துக்கு அதே பத்துச் செடி போதாது.

நம் ஊர் ஆய்வுகள் ஏன் சிறியவையாக இருக்கின்றன என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோவை, சூலூர், குமாரபாளையம், திருச்செங்கோடு என்று இந்த வட்டாரத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. எம்.டி.எஸ். மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்குள் தலைப்புப் பிடித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஆள் சேர்த்து, அளந்து, தேர்வுக்கு முன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தனி ஆளாக ஒரு மாணவரால் 290 பேரைச் சேர்க்க முடியாது. ஆனால் நாலு கல்லூரி மாணவர்கள் ஒரே செய்முறை, ஒரே மதிப்பெண் முறை, ஒரே பயிற்சி பெற்ற அளப்பாளர்கள் என்று சேர்ந்து செய்தால், ஆளுக்கு எழுபது எண்பது பேர் என்ற கணக்கில் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். நாலு தனித்தனி அரைகுறை விடைகளுக்குப் பதில் ஒரு முழு விடை கிடைக்கும்.

படிக்கிறவருக்கு இன்னொரு சோதனை. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007 முதல் ஓர் அரசுப் பதிவேடு இருக்கிறது, ctri.nic.in என்ற முகவரியில் யாரும் பார்க்கலாம். கட்டுரையில் உள்ள பதிவு எண்ணை அங்கே தட்டி, தொடங்கும்போது முதன்மையாக எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஈறு வீக்கத்தை அளக்கிறோம் என்று பதிந்துவிட்டு, அதில் வித்தியாசம் வராததால் கிருமி எண்ணிக்கையை முடிவாக எழுதியிருந்தால் அங்கே பிடிபடும். கிருமி எண்ணிக்கை குறைவது வேறு, பல் சொத்தையாகாமல் இருப்பது வேறு. சொத்தை விழ மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். பத்து நாள் ஆய்வால் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 2023 மறுஆய்வில் சேர்ந்த ஆய்வுகளும் 7 நாளிலிருந்து 45 நாள் வரை மட்டுமே நடந்தவை.

அந்த மறுஆய்வு குளோர்ஹெக்சிடின் அல்லாத மற்றக் கொப்பளிப்புகளோடு ஒப்பிட்டபோது, எண்ணெய் ஈறு வீக்கத்தை அதிகம் குறைத்ததாகவும் கண்டது. எண்ணெய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதே கட்டுரை, தன் கையில் உள்ள மொத்த ஆதாரத்தின் தரமும் மிகக் குறைவு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. சிறிய, தரம் குறைந்த இருபத்தைந்து ஆய்வுகளைக் கூட்டினால் பெரிய எண் கிடைக்கும். அவற்றின் குறைகளும் சேர்ந்தே கூடும். நான் மேலே கணக்குப் போட எடுத்துக்கொண்ட 0.33-ஐயும் இந்த எச்சரிக்கையோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று அந்த மாணவரிடம் கட்டுரையின் சுருக்கத்தை மூடி வைத்துவிட்டு, முடிவை அவர் வாயாலேயே மறுபடி சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் செய்முறைப் பகுதியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஈறு வீங்கின இருபது பசங்க பத்து நாள் கொப்பளிச்சாங்க. ரெண்டு குழுவிலும் குறைஞ்சுதுங்க. கொப்பளிக்காம இருந்திருந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு தெரியலைங்க. எது மேல்னு சொல்ல ஆள் பத்தாதுங்க." இதைவிடத் துல்லியமாக அந்த ஆய்வைச் சுருக்க முடியாது.

வீட்டில் பெரியவர்கள் நல்லெண்ணெயில் கொப்பளித்தால் தடுக்க வேண்டியதில்லை. பல் துலக்குவதோடு அது கூடுதலாக இருக்கட்டும், துலக்குவதற்கு மாற்றாக வேண்டாம். ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கட்டுரையை முடிவுரையிலிருந்து படிக்காதீர்கள். எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள், யாருக்கு மறைத்தார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள் என்ற நான்கையும் செய்முறைப் பகுதியிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முடிவுரையை நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு ஆசிரியர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.